நாற்பது நொடிக்கு ஒரு வழக்கெண்

ஒருவரை மரியாதையோடு வழியனுப்புவதற்கு நான்கு வாக்கியங்கள் போதும். ஐந்தாவது வாக்கியம் பேசுபவருடைய பெருமைக்காகவே சேர்க்கப்படுகிறது. இந்த எளிய செய்தி ஒஸ்லோ நகரின் பணியிட நல்லுறவு இயக்ககத்துக்கு எட்டியிருந்தால், இக்கதையை எழுதும் தேவை ஏற்பட்டிராது.

பணியிட நல்லுறவு இயக்ககம் என்பது, ஓரிடத்தில் வேலைசெய்யும் மனிதர் ஒருவரோடொருவர் எவ்வாறு அன்பாயிருக்கவேண்டும் என்பதற்கு வழிகாட்டிகள் வெளியிடும் நிறுவனம். மின்தூக்கியில் எதிர்ப்படுபவருக்கு வணக்கம் கூறுவது பற்றி அது முப்பத்தாறு பக்கங்களில் ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. பிறந்தநாள் கேக்கை வெட்டுவது பற்றியதற்கு இரண்டு பின்னிணைப்புகள் உண்டு. அங்கே நாற்பத்துமூன்று பேர் பணிபுரிந்தனர். அவர்களுள் நாற்பத்தொருவர் வழிகாட்டிகளை எழுதினர். எஞ்சிய இருவர் நிலக்கீழ் அறையிலிருந்து அவற்றை உறையிலிட்டு அனுப்பினர்.

அந்த இருவருள் ஒருவர் யாழ்ப்பாணத்தவரான இராசதுரை. மற்றவர் கொரியரான யூன் தே-சிக். யூன் அங்கே இருபத்திரண்டு ஆண்டுகளாக இருந்தார். இராசதுரை எட்டு ஆண்டுகள் பிந்தி வந்தவர். இருவரும் நோர்வேஜிய மொழியில் உரையாடினர். அதாவது, ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒன்பது வாக்கியங்கள் பேசினர். காலையில் யூன் ஒரு வெந்நீர்க் குடுவையில் வறுத்த வாற்கோதுமையிட்டுத் தேநீர் ஊறவைப்பார். பத்து மணிக்கு இருவரும் அதைக் குடிப்பார்கள். மேல்மாடிகளில் நல்லுறவு பற்றி எழுதப்பட்டது. கீழே அது வாற்கோதுமைத் தேநீராகக் குடிக்கப்பட்டது.

ஆறு ஆண்டுகளுக்கு முன் இராசதுரையின் மனைவி வசந்தமலர் காலமானபோது, தகனச் சாலைக்கு இயக்ககத்திலிருந்து மூன்று பொருள்கள் வந்தன: ஒரு மலர்வளையம், ‘துயரத்திலுள்ள சக ஊழியரை அணுகுதல்’ என்னும் வழிகாட்டி, யூன். யூன் வரிசையில் நின்று, முறை வந்தபோது இராசதுரையின் கையைப் பிடித்துக்கொண்டு, தம் இடது உள்ளங்கையைப் பார்த்துத் தமிழில் ஒரு வாக்கியம் சொன்னார். “உங்கள் துயரத்தில் நானும் நிற்கிறேன்” என்பது அந்த வாக்கியம். அதை அவர் எங்கே, யாரிடம் கேட்டு எழுதிக்கொண்டார் என்று இராசதுரை கேட்கவில்லை, யூனும் சொல்லவில்லை. மறுநாள் பத்து மணிக்குத் தேநீர் குடித்தனர்.

யூன் நவம்பர் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை ஓய்வுபெற்றுப் பூசானுக்குத் திரும்புவார் என்று அறிவிக்கப்பட்டது. வழக்கப்படி, அன்று பதினொன்றரை மணிக்கு உணவுக்கூடத்தில் அரைமணிநேரப் பிரியாவிடை மதியவுணவு நடைபெறும். அந்த உணவின்போது கொரிய மொழியில், கொரிய முறைப்படி, ஒரு கிண்ணவுரை சொல்லவேண்டுமென்று இராசதுரை தீர்மானித்தார்.

அவருடைய மகள் கம்சிகா கொரிய நாடகங்களில் தொடங்கி, பிறகு மாலை வகுப்புக்குச் சென்று அம்மொழியை ஒழுங்காகக் கற்றவள். ஹவுகன்ஸ்டுவாவிலிருந்த தங்கள் அடுக்குமாடி வீட்டின் சமையலறையில் அவள் தகப்பனுக்குப் பாடம் எடுத்தாள்.

“அப்பா, முதல் ஒண்டை விளங்கிக்கொள்ளுங்கோ. உவரைப் பேர் சொல்லிக் கூப்பிடேலாது.”

“பதினாலு வருசமா யூன் எண்டுதானே பிள்ளை கூப்பிடுறன்.”

“நோர்ஸ்கிலை கூப்பிட்டனீங்கள். கொரியனிலை, உங்களுக்கு முதல் வேலைக்கு வந்தவர் சொன்பெ. மரியாதைக்கு நிம் போடோணும். யூன் சொன்பெனிம். சொல்லுங்கோ.”

“யூன் சொன்பெனிம்.”

“வடிவாயிருக்கு. இனிக் கொன்பேசா. கிண்ணம் தூக்கேக்கை சொல்லுற பேச்சுக்கு அதுதான் பேர். கட்டையா இருக்கோணும். நீட்டினா எல்லாருக்கும் கை நோகும், மனசுக்குள்ளை பேசுவினம்.”

அவள் ஒரு தாளில் நான்கு வாக்கியங்களைத் தமிழெழுத்தில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினாள். முதலாவது, ‘குதொங்ஙான் கோசெங் மானுஷொஸ்ஸும்நிதா’: இத்தனை காலமும் மிகவும் பாடுபட்டீர்கள். இதே பொருளில் ‘சூகோ’ என்றொரு சொல்லும் உண்டு. ஆனால் மூத்தவரிடம் அதைக் கவனமுள்ளோர் சொல்லமாட்டார்கள் என்று கம்சிகா எச்சரித்தாள். இரண்டாவது, ‘அப்புரோ கொன்காங்ஹாஷிகோ ஜொஉன் இல்மான் காதுக்ஹாஷிகில் பாராம்னிதா’: இனிமேல் நலமாயிருந்து, நல்லவையே நிறையப் பெறவேண்டுமென விரும்புகிறேன். மூன்றாவது, ‘ஜானுல் துரொ ஜுசிப்சியோ’: தயவுசெய்து கிண்ணங்களை உயர்த்துங்கள்.

“நாலாவதுதான் முக்கியம். அதை நீங்கள் முழுக்கச் சொல்லப்படாது. ‘யூன் சொன்பெனிமுய் அம்னாருல்’ எண்டு பாதியிலை விடோணும்.”

“அதுக்கு என்ன கருத்து?”

“யூன் சொன்பெனிமின்டை வருங்காலத்தின்… அவ்வளவுதான். மிச்சத்தை எல்லாருமாச் சேர்ந்து ‘விஹாயொ’ எண்டு கத்துவினம். ‘பொருட்டு’ எண்டு கருத்து. ‘கொன்பே’ எண்டும் சொல்லலாம், கிண்ணத்தைக் காயவிடு எண்டு அர்த்தம். ஆனா பிரியாவிடைக்கு இதுதான் நல்லது. அவையளுக்கு முதலே நோர்ஸ்கிலை சொல்லிவையுங்கோ, நான் இதைச் சொல்ல நீங்கள் அதைச் சொல்லோணும் எண்டு.”

“ஒருத்தரும் சொல்லாட்டில்?”

கம்சிகா சிரித்தாள். “ஒரு சொல்லுத்தானே அப்பா. ஆர் சொல்லாமல் விடுறது?”

பிறகு ஊற்றும் முறையைக் காட்டினாள். ஒருவர் தம் கிண்ணத்தில் தாமே ஊற்றிக்கொள்வதில்லை, பக்கத்திலிருப்பவர் ஊற்றவேண்டும். வலது கையால் குடுவையைப் பிடித்து, இடது கையால் வலது முன்கையைத் தாங்கவேண்டும். வாங்குபவர் இரு கைகளாலும் கிண்ணத்தைப் பிடிப்பார். கிண்ணங்கள் மோதும்போது இளையவரின் கிண்ணம் மூத்தவருடையதைவிடத் தாழ்ந்திருக்கவேண்டும். குடிக்கும்போது இளையவர் மூத்தவருக்கு நேரே குடிக்காமல் முகத்தைச் சற்று அப்பால் திருப்பிக்கொள்ளவேண்டும்.

“இன்னுமொண்டு. பாதி இருக்கிற கிண்ணத்துக்குள்ளை திருப்பி ஊத்தப்படாது. முடிஞ்சாப்பிறகுதான் ஊத்தலாம். பாதிக் கிண்ணத்தை நிரப்புறது செத்த ஆக்களுக்குப் படைக்கேக்கை.”

இராசதுரை எல்லாவற்றையும் கைக்கடிகாரத்தை வைத்து ஒத்திகை பார்த்தார். விளக்கம் நீங்கலாக நாற்பது நொடிகள். அவர் விரும்பியது மிகச் சிறியது. யூனைத் தாண்டி இருபத்திரண்டு ஆண்டுகள் மின்தூக்கிக்கு நடந்த நாற்பத்தொரு பேரும், ஒருதடவை, அவர் முகத்தைப் பார்த்து, அவருடைய மொழியில் ஒரு சொல் சொல்லவேண்டும். அதன்பின் அவர் போகலாம்.

ஒழுங்குமுறைக்குக் கட்டுப்பட்ட மனிதராதலால், உணவுக்கூடத்தில் நாற்பது நொடி பேசலாமா என்று கேட்டு இராசதுரை மின்னஞ்சல் அனுப்பினார். அது பிழை. கேட்காமற் பேசியிருந்தால் யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். பதினொரு நொடிகளில் தானியங்கிப் பதில் வந்தது. அவருடைய விண்ணப்பத்துக்கு வழக்கெண் வழங்கப்பட்டுள்ளது. பரிசீலனைக் காலம் ஆறு வாரங்கள். பிரியாவிடைக்கு நான்கு வாரங்கள் இருந்தன.

மூன்றாம் நாள் ரிசாந் அவரை மேலே அழைத்தான். ரிசாந் நோர்வேயிற் பிறந்தவன்; இராசதுரையின் பழைய நண்பர் மகேந்திரராசாவின் மகன்; இயக்ககத்தின் முதுநிலை ஆலோசகன். இருபத்தொன்பது வயதில் முதுநிலையை எய்தியிருந்தான்.

“வாங்கோ மாமா, இருங்கோ. முதல்லை ஒண்டு சொல்லுறன், நான் உங்கடை பக்கம்தான்.”

“பக்கம் ஏன் தம்பி? நான் ஒருத்தரோடையும் சண்டைக்கு நிக்கேல்லையே.”

“அப்பிடியில்லை மாமா. இது இப்ப ஒரு சாக், ஒரு வழக்கு. வழக்கெண் விழுந்திட்டுது. இனி இதை இல்லாமல் ஆக்கேலாது, முடிக்கத்தான் ஏலும்.”

“அப்ப நான் வேண்டாமெண்டு விட்டிட்டுச் சும்மா எழும்பிக் கதைச்சால்?”

“ஐயோ மாமா, அப்பிடிச் செய்திடாதேங்கோ. பரிசீலனையிலை இருக்கிற பேச்சை அனுமதியில்லாமல் பேசினால் முழு லுன்ஷையும் நிப்பாட்டோணும். யூனுக்குக் கேக்கும் வெட்டேலாது.”

பின்னர் ரிசாந் நான்கு வாக்கியங்களையும் வரிவரியாகப் பரிசீலித்தான். பாடுபட்டீர்கள் என்னும் வாக்கியம் அவனைக் கவலைக்குள்ளாக்கியது. இயக்ககத்தில் பணிபுரிவது பாடு என்று ஒப்புக்கொள்வதாகாதா? நலமாயிருங்கள் என்பது பணியாளரின் உடல்நிலை பற்றிய கருத்து. அது இரகசியத் தகவல். இரண்டையும் சட்டப் பிரிவுக்கு அனுப்பினான். இதில் யூனிடமும் ஒரு வார்த்தை கேட்கவேண்டாமா என்று இராசதுரை கேட்டார். யூன் விண்ணப்பதாரர் அல்லர் என்று ரிசாந் விளக்கினான்.

“கிண்ணத்தைத் தாழ்த்திப் பிடிக்கிறதுதான் பெரிய பிரச்சினை மாமா. இஞ்சை எல்லாரும் சமம். கிர்ஸ்டி அதிலை சரியான கண்டிப்பு.”

கிர்ஸ்டி இயக்குநர். சமத்துவத்தில் அவர் கொண்டிருந்த பற்று, நான்காம் மாடியில் அவருக்கெனத் தனியாக அமைந்த அறையின் கதவில் எழுதப்பட்டிருந்தது. அந்தக் கதவைத் திறக்க முன்பதிவு வேண்டும்.

இரண்டாம் வாரத்தில் ஒரு பணிக்குழு கூடியது. இராசதுரை ‘பயனர்’ என்னும் தகுதியில் அழைக்கப்பட்டார். கிர்ஸ்டியே தலைமைதாங்கினார். அவர் அன்புடன் பேசினார்:

“இராசதுரை, உன் முயற்சி எங்களை நெகிழச்செய்துவிட்டது. எங்கள் நிறுவனம் பன்மையை நேசிக்கிறது. எல்லாப் பண்பாடுகளும் எங்கள் மேசைக்கு வரவேண்டும். எங்கள் மேசையிலுள்ள முறைப்படி வரவேண்டும். நோர்வேயில் கிண்ணம் உயர்த்தும்போது ஒருவர் கண்ணை ஒருவர் பார்ப்போம், குடிப்போம், கிண்ணத்தை வைக்குமுன் மறுபடியும் பார்ப்போம். உன் முறையில் முகத்தைத் திருப்பிக்கொள்வதாக எழுதியிருக்கிறாய். ஒருவர் தன்னைப் பார்க்காமல் திரும்பினால் மற்றவர் புறக்கணிக்கப்பட்டதாக உணரலாம். புறக்கணிப்புப் பற்றி எங்களிடம் ஒரு வழிகாட்டி இருக்கிறது.”

“அது மரியாதை,” என்றார் இராசதுரை.

“அப்படித்தான் நாங்களும் புரிந்துகொள்கிறோம்,” என்றார் கிர்ஸ்டி. “ஆனால் நாங்கள் புரிந்துகொள்வது போதாது. புரிந்துகொள்ளாத ஒருவர் அறையில் இருந்தால் என்ன செய்வது? நாங்கள் எப்போதும் அவரை மனத்தில் வைத்தே எழுதுகிறோம்.”

பணிக்குழு பின்வரும் முடிவுகளை ஒருமனதாக எடுத்தது. கிண்ணங்கள் எல்லாம் தரையிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு சென்ரிமீற்றர் உயரத்தில் உயர்த்தப்படும். உணவுக்கூடச் சுவரில் நீலநிற நாடா ஒட்டப்படும். ஒருவருக்கு மற்றவர் ஊற்றுவது தன்னிறைவைக் குறைக்குமாதலால், ஒவ்வொருவரும் தமக்குத் தாமே ஊற்றிக்கொள்வர். இரு கைகளாற் பிடிப்பது தோள்பட்டைக்கு ஏற்றதா என்று உடலியக்கவியல் நிபுணர் ஆராய்வார். வாற்கோதுமைத் தேநீரில் சிலருக்கு ஒவ்வாத புரதம் இருப்பதால், அதற்குப் பதிலாக அறைவெப்பநிலையில் நீர் வழங்கப்படும்.

மறுபடி ஊற்றுவது பற்றி மட்டும் விவாதம் நீண்டது. பாதிக் கிண்ணத்தில் ஊற்றுவதில்லை என்பது கொரிய வழக்கம். நீரை வீணாக்கக்கூடாது என்பது இயக்ககத்தின் சூழல் கொள்கை. இரண்டும் ஒன்றாயிருப்பதைக் கண்டு பணிக்குழு கைதட்டியது. “இதுதான் பண்பாடுகள் சந்திக்கும் புள்ளி,” என்று கிர்ஸ்டி கூறினார். அது அறிக்கையின் முகப்புப் பக்கத்தில் அச்சாகியது. அந்த அறிக்கையை உறையிலிட்டு அனுப்பியவர் யூன். தம்மைப் பற்றியது என்று அவருக்குத் தெரியுமோ என்னவோ, உறைகளை வழக்கம்போல் ஒட்டினார். அன்று இருவருக்குமிடையே ஒன்பது வாக்கியங்கள் தேறவில்லை.

மூன்றாம் வாரத்தில் பேர்கன் கிளையலுவலகத்தில் முன்னோட்டம் நடைபெற்றது. அங்கே யாரும் விடைபெறவில்லை. எனவே ஒரு வெற்று நாற்காலிக்கு முன்னால் ஒன்பது ஊழியர் நீர்க்கிண்ணங்களை உயர்த்தினர். அறிக்கை திருப்திகரமாயிருந்தது: ‘விடைபெறுபவர் இல்லாதபடியால் யாருடைய உணர்வும் பாதிக்கப்படவில்லை. இம்முறையைத் தொடரப் பரிந்துரைக்கிறோம்.’

ஆனால் ‘விஹாயொ’ தடைப்பட்டது.

“மாமா, ஒரு நல்ல செய்தி, ஒரு கொஞ்சம் நல்ல செய்தி,” என்றான் ரிசாந். “உங்கடை பாதி பாஸ். சட்டப் பிரிவு சொல்லுது, நீங்கள் சொல்லுற நாலு வசனமும் கருத்துச் சுதந்திரம்.”

“மற்றது?”

“மற்றவை சொல்லுற அந்த ஒரு சொல்லு. அது உங்கடை சுதந்திரம் இல்லை, அவையின்டை சுதந்திரம். விளங்காத பாசையிலை கூட்டமாக் கத்தச் சொல்லுறதுக்கு ஒவ்வொருத்தரிட்டையும் சம்மதப் படிவம் வாங்கோணும். நாப்பத்தொரு படிவம். பரிசீலனைக் காலம்—”

“ஆறு கிழமை.”

“ஓம், உங்களுக்குப் பழகிட்டுது.”

“தம்பி, நீயும் கொப்பரும் எத்தினைதரம் எங்கடை வீட்டிலை சாப்பிட்டிருக்கிறியள். நீ ஒருத்தன் சொல்லு. நீ சொன்னா மற்றவையும் சொல்லுவினம்.”

ரிசாந்தின் முகத்தில் உண்மையான வருத்தம் தோன்றியது. “மனசார நான் சொல்லுவன் மாமா. ஆனா நான்தான் சாக்பிஹாண்ட்லர். இந்த வழக்கைப் பாக்கிற ஆளே வாய்திறந்தால் பக்கச்சார்பு ஆயிடும். எல்லாரும் ஒருக்கா வாய்திறக்கலாம், நான் ஒருக்காலும் திறக்கேலாது.”

நவம்பர்க் கடைசி வெள்ளி வந்தது. யூனின் நுழைவட்டை, பணியின் முடிவு நேரமாகப் பதிவாகியிருந்த பதினொன்றரை மணிக்குச் செயலிழந்தது. அப்போது அவர் உணவுக்கூடத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே கேக்கில் அவர் பெயர் இருந்தது. இராசதுரை வரவேற்பறைக்கு ஓடிப்போய், அவரைத் தம் விருந்தாளியாகப் பதிவுசெய்து, ‘வருகையாளர்’ என்னும் ஒட்டுத்தாளை வாங்கிவந்து அவருடைய கோட்டின் மார்பில் ஒட்டினார். யூன் தம் நல்ல கோட்டை அணிந்திருந்தார். தகனச் சாலைக்கு வந்த அதே கோட்டு.

கிர்ஸ்டி பேசினார். இருபத்தாறு நிமிடங்கள் பேசினார்.

“தே-சிக் எங்களுக்கு என்ன தந்தார் என்று இன்று காலை என்னை நானே கேட்டுக்கொண்டேன். உடனே விடை கிடைக்கவில்லை. பிறகு புரிந்தது: அவர் விடைபெறுவதன்மூலம், விடைபெறுதல் பற்றி நம்மிடம் வழிகாட்டி இல்லை என்பதைக் காட்டினார். கடந்த நான்கு வாரங்களில் இந்நிறுவனம் கற்றுக்கொண்டது ஏராளம். இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர் இருக்கும்போது கற்காததை, அவர் போவதால் கற்றோம். அதற்காகச் சட்டப் பிரிவுக்கும் பணிக்குழுவுக்கும் பேர்கன் நண்பர்களுக்கும் நன்றி.”

கைதட்டினார்கள். யூனும் கைதட்டினார்.

இராசதுரை எழுந்தபோது பதினொன்று ஐம்பத்தெட்டு. நாற்பத்தொரு பேரும் தமக்குத் தாமே ஊற்றிய நீரோடு நீல நாடாவைப் பார்த்தபடி நின்றனர். நோர்வேஜிய மொழியில் அவர் சுருக்கமாக விளக்கினார்: நான் இதைச் சொல்லும்போது நீங்கள் அதைச் சொல்லவேண்டும். பிறகு யூனின் பக்கம் திரும்பினார்.

“யூன் சொன்பெனிம்.”

யூன் நிமிர்ந்து பார்த்தார். இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்தக் கட்டடத்தில் யாரும் அவரை அப்படி அழைத்ததில்லை. அவர் கையிலிருந்த முள்கரண்டியை மெல்ல மேசையில் வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

“குதொங்ஙான் கோசெங் மானுஷொஸ்ஸும்நிதா.” இரண்டாம் வாக்கியத்தையும் இராசதுரை தடங்கலின்றிச் சொன்னார். “ஜானுல் துரொ ஜுசிப்சியோ.” கிண்ணங்கள் நூற்றுப் பன்னிரண்டு சென்ரிமீற்றருக்கு உயர்ந்தன.

“யூன் சொன்பெனிமுய் அம்னாருல்!”

யூன் மூத்தவரின் வருங்காலத்தின்…

வாக்கியம் அங்கேயே நின்றது. நாற்பத்தொரு பேரும் ஒருவரையொருவர் பார்த்தனர். அவர்கள் கெட்டவர்களல்லர். சிலருடைய உதடுகள் அசையத் தொடங்கின. அவர்கள் கிர்ஸ்டியைப் பார்த்தனர். கிர்ஸ்டி ரிசாந்தைப் பார்த்தார். ரிசாந் தன் காலணியைப் பார்த்தான். குளிர்பதனப் பெட்டியின் இரைச்சல் கேட்டது. அரைகுறையாக நின்ற அந்த வாக்கியத்தை முடிக்கவும் முடியாமல் திரும்பப் பெறவும் முடியாமல் அவர் நின்றார். தாமே முடித்தால் அது வாழ்த்தாகாது; வெறும் அறிவித்தலாகும்.

ஏழு நொடிகள் கழிந்தபின் ஒரு குரல் கேட்டது.

“விஹாயொ,” என்றார் யூன்.

மிக மெதுவாகச் சொன்னார். தம் பிரியாவிடைக்குத் தாமே மறுமொழி கூறும் மனிதரின் குரலாக அது இருக்கவில்லை. தடுமாறும் இளையவரைத் தாங்கிப்பிடிக்கும் குரலாக இருந்தது. இராசதுரை தம் கிண்ணத்தை நாடாவுக்கு ஒரு சாண் கீழே இறக்கி அவருடைய கிண்ணத்தில் மோதினார். முகத்தை அப்பால் திருப்பிக் குடித்தார். பன்னிரண்டு மணியாயிற்று. எல்லாரும் தட்டுகளை அடுக்கிவிட்டுக் கூட்டங்களுக்குச் சென்றனர்.

வருகையாளரைக் கட்டடத்துக்கு வெளியே கொண்டுசென்று விடுவது விருந்தளிப்பவரின் பொறுப்பு என்று ஒட்டுத்தாளின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருந்தது. இராசதுரை யூனைச் சுரங்கரயில் நிலையம்வரை கொண்டுபோய் விட்டார். வழியில் யூன், “உன் உச்சரிப்பு நன்றாக இருந்தது,” என்றார். “அம்னாருல் மட்டும் கொஞ்சம் நீண்டுவிட்டது.” ரயில் வந்தது. இராசதுரையிடமிருந்த யூனின் தொலைபேசி எண் அலுவலகத்துக்குரியது. திங்கட்கிழமை அது வேறொருவருக்கு வழங்கப்பட்டது.

ஆறு வாரங்கள் நிறைந்த நாளில், ஒருநாள்கூடப் பிந்தாமல், அனுமதிக் கடிதம் வந்தது. நாற்பத்தொரு சம்மதப் படிவங்களும் கிடைத்துவிட்டன. ஒருவர்கூட மறுக்கவில்லை. விண்ணப்பம் முழுமையாக ஏற்கப்பட்டது. இராசதுரை அதைத் தாமே உறையிலிட்டுத் தமக்கே அனுப்பினார்.

மார்ச் மாதத்தில், வழிகாட்டிகளை இனிமேல் இணையத்தில் மட்டும் வெளியிடுவது என்று முடிவாகி அஞ்சல் அறை மூடப்பட்டது. இராசதுரைக்கும் ஒரு பிரியாவிடை மதியவுணவு ஒழுங்குசெய்யப்பட்டது.

“மாமா, உங்களுக்கு ஒரு சந்தோசமான விசயம்,” என்று ரிசாந் கண்கள் பளபளக்க வந்தான். “உங்கடை சாக்தான் இப்ப முழு இயக்ககத்துக்கும் முறை. இனி ஆர் போனாலும் இதுதான். எல்லாருக்கும் பயிற்சி குடுத்தாச்சு. நான்கூடச் சொல்லலாம், வழக்கு முடிஞ்சுதுதானே!”

“எனக்குக் கொரியன் ஏன் தம்பி? நான் தமிழன்.”

“அது அனுமதிக்கப்பட்ட வாசகம் மாமா. தமிழிலை வேணுமெண்டால் புதுசா ஒரு விண்ணப்பம் போடோணும்.”

“எவ்வளவு நாள்” என்று இராசதுரை கேட்கவில்லை.

அன்று பதினொன்றரைக்கு முன்பே அவர் வருகையாளர் ஒட்டுத்தாளைத் தாமே வாங்கி ஒட்டிக்கொண்டு உள்ளே சென்றார். நீல நாடா புதிதாக ஒட்டப்பட்டிருந்தது. கிண்ணங்களில் நீரின் அளவு சமமாயிருக்கவேண்டும், குறைந்ததை இயக்குநர் நிரப்பவேண்டும் என்று இப்போது ஒரு திருத்தம் செய்யப்பட்டிருந்தது. எனவே, அவர் பாதி குடித்து வைத்திருந்த கிண்ணத்தைக் கண்ட கிர்ஸ்டி, சிரித்த முகத்தோடு வந்து, அதை விளிம்புவரை நிரப்பினார். வலது கையால் ஊற்றி, இடது கையால் முன்கையைத் தாங்கிக்கொண்டார். உடலியக்கவியல் நிபுணர் அனுமதித்திருந்தார்.

இராசதுரை நிரம்பிய கிண்ணத்தைப் பார்த்தார். கம்சிகா சமையலறையில் கடைசியாகச் சொன்ன விதி நினைவுக்கு வந்தது.

பிறகு கிர்ஸ்டி அட்டையைப் பார்த்து நான்கு வாக்கியங்களையும் வாசித்தார். உச்சரிப்பில் குற்றம் காண முடியாது. நாற்பத்தொரு பேருக்கும் பயிற்றுநர் ஒருவர் வந்து மூன்று மணிநேரம் கற்பித்திருந்தார். அனுமதிக்கப்பட்ட வாசகத்தில் எழுத்தொன்றையும் மாற்றும் அதிகாரம் யாருக்கும் இல்லையாதலால், நான்காம் வாக்கியம் இவ்வாறு ஒலித்தது:

“யூன் சொன்பெனிமுய் அம்னாருல்!”

“விஹாயொ!” என்று அந்தக் கூடமே அதிர்ந்தது. நாற்பத்தொரு குரல்கள், ஒரே நொடியில், ஒரே சுருதியில். ரிசாந்தின் குரல் எல்லாவற்றையும்விட உயர்ந்து கேட்டது. நாற்பத்திரண்டாவதாக, ஒரு கணம் பிந்தி, இராசதுரையும் சொன்னார்.

அன்றைய நிகழ்வறிக்கை இயக்ககத்தின் இணையத்தளத்தில் இருக்கிறது. ‘மறுமொழி: நிறைவு. கால அளவு: நாற்பது நொடிகள். விலகல்கள்: ஒன்று. குடிக்கும்போது விடைபெறுபவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்திசையில் யாரும் இருக்கவில்லை.’